எழுதி வைத்த ஆவேசம்

நந்தனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில், சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, இந்தியாவின் லோக்சபை ஐந்து தடவை கூடிக் கலைந்தது. ஐந்து பள்ளிகள், ஐந்து பிரதம மந்திரிகள், ஐந்து சபாநாயகர்கள். மூன்று நடுவர்களில் நான் ஒருவன். கதை எழுதுகிறவனுக்குப் பார்லிமெண்டைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். அழைக்க வந்த ஆசிரியை அதற்கும் பதில் வைத்திருந்தார். "உங்களுக்கு வசனம் நன்றாகத் தெரியுமே, ஸார்!" என்றார். அந்த வார்த்தையிலேயே சகல உண்மையும் அடங்கியிருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

அன்று தோற்றுப்போன ஒரு பள்ளிக்காக நான் இப்போது வக்காலத்து வாங்கப் போகிறேன். எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளைகள் என்று சொல்வதாக இல்லை.

மாதிரிப் பார்லிமெண்டு என்பது யாரோ ஓர் ஆசிரியர் பொழுதுபோகாமல் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. 1962-ல் பம்பாயில் நடந்த அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டில், கல்வி நிலையங்களில் இதை நடத்த ஊக்கம் தரவேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். கட்சிக்காரர்களைச் சபையில் கட்டி மேய்ப்பதே கொறடாவின் வேலை. பெரியவர்களை மேய்த்து அலுத்தவர்கள், சிறுவயதிலேயே பழக்கினால் நல்லது என்று நினைத்திருக்கலாம். 1966-67-ல் டில்லிப் பள்ளிகளில் பார்லிமெண்டு விவகார இலாகா இதைப் போட்டியாகவே தொடங்கியது. பிறகு கேந்திரீய வித்தியாலயங்கள், நவோதயா வித்தியாலயங்கள் என்று பரவியது. ஐம்பது பிள்ளைகளுக்குச் சற்று மேல், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத கூட்டம், நூறு மார்க். அந்த நூறில் பேச்சுக்கும் வாதத் திறமைக்கும் 30, சபை நடைமுறையைக் கடைப்பிடிப்பதற்கு 20, கேள்வி பதிலுக்கு 20, மற்றவை சில்லறை. நந்தனத்தில் நாங்கள் வைத்துக்கொண்டதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

கணக்கு நல்ல கணக்கு. கெட்டுப்போனது வேறு இடத்தில்.

முதல் பள்ளி வந்தது. பதவிப் பிரமாணம், இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என்று ரயில் வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்பதுபோல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து துணைக் கேள்வி கேட்டான். மந்திரி பதில் சொன்னாள். உடனே இன்னொருவன் எழுந்து, "மந்திரியின் பதில் எனக்கு வியப்பளிக்கிறது" என்றான். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. ஏனென்றால் மந்திரி வேடம் போட்ட அந்தப் பெண் பதற்றத்தில் பதிலின் பாதியை மறந்து, எந்தப் பகுதி இவனுக்கு வியப்பளிக்க வேண்டுமோ அதைச் சொல்லவேயில்லை! இவன் அதைக் கவனிக்கவில்லை. இவனுடைய வியப்பு மூன்று வாரம் முன்னாலேயே எழுதி, நெட்டுருப் போட்டு, ஒத்திகை பார்க்கப்பட்ட வியப்பு.

துணைக் கேள்வி என்பது முதல் பதிலிலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் சபாநாயகர் "இந்தக் கேள்வி எழவில்லை" என்று உட்கார வைத்துவிடலாம். பழைய டில்லி மத்திய சட்டசபையில் நம் சத்தியமூர்த்தி பெயர் வாங்கியது பிரதானமாகக் கேள்வி நேரத்தில். அவர் பிரிட்டிஷ் சர்க்காரின் அங்கத்தினர்களைத் திணற அடித்தது குரல் வன்மையால் மட்டுமல்ல. பதில் சொல்பவன் வாயிலிருந்து விழுகிற சொல்லைக் கீழே விழுமுன் பிடித்து அதையே திருப்பி எறிகிற வித்தை அது. அதற்குக் காது வேண்டும். நெட்டுருப் போட்டவனுக்குக் காது அவசியமில்லை. தன் முறை எப்போது வரும் என்று தெரிந்தால் போதும்.

இனி நான் வக்காலத்து வாங்கும் பள்ளிக்கு வருகிறேன். அது நாலாவதாக வந்தது. அவர்களுக்கும் வசனம் இருந்தது. அதில் ஒன்றும் அவர்கள் உத்தமர்கள் அல்ல. அவர்கள் எடுத்துக்கொண்ட மசோதா வெள்ளத்தைப் பற்றியது. ஏரியைத் திறந்துவிடுமுன் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு "உரிய முறையில் முன்னெச்சரிக்கை" தரவேண்டும் என்று, 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஒரு திருத்தம். நந்தனத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பவனுக்கு விளக்கம் தேவையில்லை. கூப்பிடு தூரத்தில் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் வானத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்து, சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் என்ன பாடுபடுத்தின என்பதை இந்தப் பக்கத்துச் சுவர்களைக் கேட்டாலே சொல்லும்.

ஆளும் கட்சி வரிசையில் இரண்டாவது பேச்சாளன் ஒரு பையன். ஒல்லியான உருவம், கதர் ஜிப்பா முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவனுக்கு மூன்று நிமிஷம். எழுந்தான். ஆரம்பித்தான்:

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! மாண்புமிகு பிரதம மந்திரி அவர்களே! மாண்புமிகு மந்திரிப் பெருமக்களே! எதிர்க்கட்சித் தலைவர் அவர்களே! என்னைப் போன்ற அங்கத்தினர்களே! நீதி வழுவா நடுவர் பெருமக்களே! என்னை ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு..."

எனக்கு எதிரே கடிகாரம் இருந்தது. முப்பத்தைந்து விநாடி. மொத்தம் நூற்றெண்பது விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வணக்கத்திலேயே கரைந்துவிட்டது.

இது நம் மேடைப் பேச்சின் சீதனம். மேடையில் தலைவரிலிருந்து தண்ணீர் கொண்டு வைத்தவர் வரை பெயர் சொல்லாவிட்டால் மனஸ்தாபம் வந்துவிடும். சபையில் அந்தப் பயமே கிடையாது. சபையில் பேசுகிறவன் விளிக்க வேண்டியது ஒரே ஓர் ஆசாமியை, சபாநாயகரை. "சபாநாயகர் அவர்களே" என்ற இரண்டு வார்த்தைக்கு இரண்டு விநாடி ஆகும். அதற்குமேல் சொல்வதெல்லாம் தன் சொந்த மூலதனத்தை எடுத்துத் தெருவில் இறைப்பதாகும். இதில் இன்னொரு வேடிக்கை: பார்வையாளர் மாடத்தில் இருக்கிறவர்களைக் குறிப்பிட்டுப் பேசக்கூடாது என்று லோக்சபை விதியே இருக்கிறது. நடுவர்களாகிய நாங்களும் ஆசிரியர்களும் அந்தச் சபையில் யார்? மாடத்தில் உட்கார்ந்திருக்கிற அந்நியர்கள். ஆகவே எங்களுக்கு வணக்கம் சொன்ன ஒவ்வொரு பிள்ளையும் பேச ஆரம்பிக்கும்போதே ஒரு விதியை மீறிவிட்டுத்தான் ஆரம்பித்தது. எங்களில் யாரும் அதற்கு மார்க் குறைக்கவில்லை. வணக்கத்தை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினோம்.

எல்லாவற்றையும் சபாநாயகரை நோக்கியே சொல்லவேண்டும் என்ற ஏற்பாட்டில் மரியாதையைவிட உபயோகம் அதிகம். எதிரியைப் பார்த்து "நீ பொய் சொல்கிறாய்" என்று சொல்வது சுலபம். மூன்றாவது ஆளைப் பார்த்து, "எதிர்த்தரப்பு அங்கத்தினர் சொன்ன தொகை சரியல்ல" என்று சொல்லும்போது, எந்தத் தொகை, ஏன் சரியல்ல என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. தமிழில் இது இன்னும் முக்கியம். நமக்கு நீ என்றும் நீர் என்றும் நீங்கள் என்றும் மூன்று படி இருக்கிறது. கோபம் வந்தால் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்குச் சறுக்குவதற்கு ஒரு விநாடி போதும். சபாநாயகரை விளித்தே பேசுகிறவனுக்கு அந்த முன்னிலை இடமே வாய்ப்பதில்லை, சறுக்குவதற்குப் படியில்லை.

பையனுக்குத் திரும்புகிறேன். வணக்கம் முடிந்தது. "ஆறுகள் நம் நாட்டின் ரத்த நாளங்கள்" என்று தொடங்கினான். இரண்டு வாக்கியம் போயிற்று. மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆசிரியை அடியெடுத்துக் கொடுத்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது. பையன் ஜிப்பாப் பையில் கைவிட்டு நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துக் கடகடவென்று படிக்க ஆரம்பித்தான்.

அப்போது எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "சபாநாயகர் அவர்களே, ஒழுங்குப் பிரச்னை."

திரைக்குப் பின்னால் ஆசிரியையின் முகம் மாறியதைப் பார்த்தேன். இது வசனத்தில் இல்லை! ஒழுங்குப் பிரச்னை வசனத்தில் இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அது வேறு இடத்தில், வேறு ஒருவனுக்கு எழுதப்பட்டது. அவன் கால் மணிக்கு முன்பே எழுந்து, "ஒழுங்குப் பிரச்னை! மந்திரி மக்களை ஏமாற்றுகிறார்!" என்று மேஜையைத் தட்டிக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டது.

அதுவா ஒழுங்குப் பிரச்னை? மந்திரி ஏமாற்றினால் அதைப் பேச்சில் சொல்ல வேண்டும். வோட்டில் காட்ட வேண்டும். ஒழுங்குப் பிரச்னை என்பது சபையின் விதியையோ, சபை நடவடிக்கையைப் பற்றிய அரசியல் சட்டப் பிரிவையோ தொட்டதாக இருக்கவேண்டும். சபாநாயகர் தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயமாக இருக்கவேண்டும். அந்த நிமிஷத்தில் சபை முன்னால் இருக்கும் காரியத்தைப் பற்றியதாகவும் இருக்கவேண்டும். லோக்சபையின் 376-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. தகவல் கேட்பதற்காகவோ, தன் நிலையை விளக்கிக்கொள்வதற்காகவோ, 'ஒருவேளை இப்படி நடந்தால்' என்ற கற்பனையின் பேரிலோ அதை எழுப்பக்கூடாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. "சபாநாயகர் இப்போது என்ன செய்யவேண்டும் என்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "மந்திரி ஏமாற்றுகிறார்" என்றால் சபாநாயகர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது ஒழுங்குப் பிரச்னையும் இல்லை. பேச்சு முறை கிடைக்காதவன் சந்தில் நுழைகிற வழி அது. பெரிய சபைகளில் பெரிய மனிதர்கள் நாள்தோறும் அப்படி நுழைகிறார்கள் என்பது வேறு விஷயம். அதைப் பார்த்துத்தானே பள்ளி வசனமும் எழுதப்படுகிறது!

இந்தப் பெண் அப்படி நுழையவில்லை. சபாநாயகராக உட்கார்ந்திருந்தவளும் ஒரு பெண்தான், பதினொன்றாம் வகுப்பு. அவள் ஒரு விநாடி திகைத்தாள். பிறகு, "எந்த விதி?" என்று கேட்டாள்.

"352. எழுதி வைத்த உரையைச் சபாநாயகரின் முன் அனுமதியில்லாமல் சபையில் படிக்கக்கூடாது. அங்கத்தினர் படிக்கிறார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து விநாடிகூட இராது. விதி, அது மீறப்பட்ட விதம், அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, பையனைப் பற்றி ஒரு கேலி வார்த்தை இல்லை.

சபாநாயகர் பெண் திரைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பையனைப் பார்த்து, "அங்கத்தினர் கையில் வைத்திருப்பது குறிப்பா, உரையா?" என்றாள்.

"உரைதான்" என்றான் பையன். பாவம், பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஒழுங்குப் பிரச்னை ஏற்கப்படுகிறது. குறிப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம், உரையைப் படிக்கக்கூடாது. இதில் போன நேரத்தை அங்கத்தினருக்குத் திருப்பித் தருகிறேன். பேசலாம்."

இதைவிட நல்ல தீர்ப்பை நான் அங்கே எதிர்பார்த்திருக்க முடியாது. முதலில் உண்மை என்ன என்று கேட்டாள். பிறகு விதியைச் சொன்னாள். குறிப்புக்கும் உரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்தாள். பையன் தப்புச் செய்தான் என்பதற்காக அவன் பேசும் உரிமையைப் பறிக்கவில்லை. பிறருடைய ஆட்சேபணையில் கரைந்த நேரத்தை அவன் கணக்கில் எழுதவுமில்லை.

பையன் காகிதத்தை மடித்தான். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு பேசினான்:

"சபாநாயகர் அவர்களே, எங்கள் வீடு ஆற்றோரத்தில் இருக்கிறது. 2015-ல் தண்ணீர் வந்தபோது எனக்கு ஐந்தாறு வயது. யாரும் வந்து சொல்லவில்லை. எங்கள் பாட்டியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். பாட்டியின் மருந்துப் பெட்டி கீழேயே போய்விட்டது. இந்த மசோதாவில் 'உரிய முறையில்' என்று இருக்கிறது. உரிய முறை என்றால் என்ன? எத்தனை மணி நேரம் முன்னால்? யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? ராத்திரியானால்? அதை எழுதாவிட்டால் இந்த மசோதாவினால் எங்கள் தெருவுக்குப் பிரயோஜனம் இல்லை. நான் ஆளும் கட்சிதான். ஆனாலும் அதை எழுதாவிட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன்."

மணி அடிப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடிக்குச் சற்று அதிகம். தமிழை நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு வார்த்தைக்கு மேல் போவது கஷ்டம். என் கதைகளை உரக்கப் படித்துப் பார்த்து நான் கண்ட கணக்கு இது. மூன்று நிமிஷமென்றால் மொத்தம் இருநூற்றைம்பது வார்த்தை. அதற்குள் கங்கையும் காவேரியும் ரத்த நாளங்களும் வந்துவிட்டால், கதவை யார் தட்டுவது என்ற கேள்விக்கு இடமிருக்காது. நேரம் குறைவு என்று குறைப்படுகிறவர்களை நான் நம்புவதேயில்லை. கேட்கவேண்டிய கேள்வி கையிலிருந்தால் முக்கால் நிமிஷம் தாராளம். இல்லாதவனுக்கு மூன்று நிமிஷம் நீண்ட பாலைவனம். அதைக் கடக்கத்தான் வணக்கங்களும் உவமைகளும் தேவைப்படுகின்றன.

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மசோதாவைக் கொண்டுவந்த மந்திரிப் பெண் பதிலுரைக்கு எழுந்தாள். ஆளும் கட்சி அங்கத்தினனே ஒரு கேள்வியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சபை முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளோ மனப்பாடம் செய்த பதிலுரையை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தாள். யாரும் சொல்லாத குற்றச்சாட்டுகளை மறுத்தாள். வசனத்தில் எதிர்க்கட்சித் தலைவன் சொல்லியிருக்க வேண்டிய, ஆனால் நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு கேலிக்குக்கூடப் பதில் கொடுத்தாள்! கதவைத் தட்டுகிறவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கெட்டிக்காரப் பெண், ஒத்திகையில் அவளுக்கு ஒருவரும் கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வோட்டுக்கு விட்டார்கள். ஆம் என்போர் ஆம் என்றார்கள். இல்லை என்போர் இல்லை என்றார்கள். அந்தக் குரல்களோடு ஆளும் கட்சி வரிசையிலிருந்து ஒற்றைக் குரலாக ஓர் 'இல்லை'யும் வந்தது. மசோதா நிறைவேறியது. கூட்டம் முடிய அறுபத்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

நடுவர்கள் மூவரும் பக்கத்து அறையில் காப்பி சாப்பிட்டோம். மற்ற இருவரும் என்னைவிடப் படித்தவர்கள், நல்லவர்கள். நடைமுறைக்கு ஒருவர் 8 போட்டிருந்தார், மற்றவர் 9. "நடுவில் ஒரே குழப்பம். பையன் மறந்துபோனான், சபாநாயகர் சமாளிக்கத் தெரியாமல் பேச்சை நிறுத்தினாள், நேரமும் மீறிவிட்டது" என்றார்கள். நான் இருபதுக்கு இருபது போட்டிருந்தேன்.

"ஸார், அது குழப்பமில்லை. காலையிலிருந்து இந்தக் கூடத்தில் நடந்த ஒரே பார்லிமெண்டு அதுதான்" என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்றார்கள். கதை எழுதுகிறவனைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்ததாக அர்த்தம்.

நேரம் மீறியது தப்புத்தான். அதற்கு மார்க் குறைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த நாலு நிமிஷத்தை யார் தின்றார்கள் என்று பார்க்க வேண்டாமா? ஒழுங்குப் பிரச்னையும் தீர்ப்பும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதவிப் பிரமாணமும் இரங்கல் குறிப்பும் புது மந்திரிகள் அறிமுகமும் பதினோரு நிமிஷம் தின்றிருந்தன. சபைக்குச் சடங்கு வேண்டியதுதான். அதற்காகக் கல்யாண வீட்டில் தாலி கட்ட நேரமில்லாதபடி மாப்பிள்ளை அழைப்பையே நடத்திக்கொண்டிருப்பதா?

கோப்பை ஐந்தாவது பள்ளிக்குப் போயிற்று. அங்கே காகிதங்கள் பறந்தன, எதிர்க்கட்சி முழுவதும் சபை நடுவே வந்து கோஷம் போட்டது, வெளிநடப்பு நடந்தது, எல்லாம் முடிந்து ஐம்பத்தெட்டாவது நிமிஷம் சபை கலைந்தது. பிரமாதமான ஒத்திகை! கலாட்டாவைக்கூட நொடி பிசகாமல் செய்தார்கள். சபாநாயகர் எழுந்து நின்றால் பேசிக்கொண்டிருக்கிறவர் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது விதி. அந்தச் சபாநாயகப் பையன் நாலு தடவை எழுந்து நின்றான். நாலு தடவையும் ஒருவரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், அப்படித்தான் எழுதியிருந்தது. ஒழுக்கத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள 10 மார்க்கில் அவர்களுக்கு 9 கிடைத்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி நிரலைக் கொடுங்கள், வசனத்தைக் கொடுக்காதீர்கள். மசோதாவின் வாசகத்தை ஒரு வாரம் முன்னால் இரண்டு கட்சியிடமும் கொடுத்துவிடுங்கள். கேள்விகளை முன்கூட்டி மந்திரிகளுக்கு அனுப்புங்கள். உண்மைச் சபையிலும் அப்படித்தான் நடக்கிறது. துணைக் கேள்வியை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. விதிப் புத்தகத்திலிருந்து மூன்றே மூன்று விதிகளை, 349, 352, 376, தமிழில் ஒரே தாளில் எழுதி எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள். கடிகாரத்தையும் மணியையும் சபாநாயகர் கையில் கொடுத்துவிட்டு, ஆசிரியர்கள் மாடத்துக்குப் போய் எங்களோடு உட்காரட்டும். திரைக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கும் அந்நியருக்குச் சபையில் இடமில்லை. பிள்ளைகள் திணறுவார்கள். சபாநாயகர் தப்பான தீர்ப்பும் கொடுப்பாள். "குழந்தைகள் மேடையில் அவமானப்பட்டுவிடும்" என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மறந்துபோன பையனை அன்று காப்பாற்றியது ஆசிரியை கொடுத்த அடியல்ல; எதிர்க்கட்சிப் பெண்ணின் ஆட்சேபணைதான் அவன் கையிலிருந்த காகிதத்தை மடிக்க வைத்தது.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, போட்டியை நடத்தியவர்களுக்கு அனுப்பினேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது. என் யோசனைகளைக் கவனத்தில் கொண்டிருப்பதாகவும், இந்த வருஷமும் நான் அவசியம் நடுவராக வரவேண்டும் என்றும், எல்லாப் பள்ளிகளுக்கும் உதவியாக இம்முறை ஒரு மாதிரி வசனம் தயாரித்து அனுப்பியிருப்பதாகவும், அதன் பிரதி இணைக்கப்பட்டிருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. இருபத்திரண்டு பக்கம். புரட்டிப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஆளும் கட்சி அங்கத்தினர் (2) பேச்சை மறந்ததுபோல் நின்று, பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். எதிர்க்கட்சி அங்கத்தினர் (5) எழுந்து, 352-ஆம் விதியின்படி ஒழுங்குப் பிரச்னை எழுப்ப வேண்டும்.'

அதற்குக் கீழே சபாநாயகரின் தீர்ப்பும் அச்சாகியிருந்தது.